ஷாட் வெயிட் கணக்கில் எந்த அடர்த்தியை எங்கே போடுவது?

கேள்வி: “பி.பி. மூடி ஒன்றுக்கு 4 கேவிட்டி டை செய்கிறோம். வரைபடத்தில் ஒரு மூடியின் கன அளவு 15,200 கன மி.மீ. என்று வருகிறது. ரன்னரைக் கையால் கணக்குப் போட வேண்டும். டேட்டா ஷீட்டில் அடர்த்தி 0.905. எங்கள் சூப்பர்வைசர், உள்ளே போவது உருகிய பிளாஸ்டிக்தானே, 0.74 போடு என்கிறார். எது சரி? மெஷின் காட்டலாக்கில் ஷாட் வெயிட் 183 கிராம் என்று இருக்கிறது. ஸ்க்ரூ 40 மி.மீ. இது போதுமா, நாளைக்கு 8 கேவிட்டி ஆக்கினால் தாங்குமா?”

பதில்:

எடை கேட்டால் 0.905. அந்த எடைக்குப் பேரலுக்குள் எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டால் 0.74. இரண்டு எண்ணும் இந்தக் கணக்கில் வரும், ஆனால் வேறு வேறு இடத்தில் வரும். உங்கள் சூப்பர்வைசர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவர் மனதில் இருப்பது ஸ்க்ரூ பக்கத்துக் கணக்கு.

குழப்பம் எங்கே வருகிறது என்று பார்ப்போம். பி.பி., அதாவது பாலிபுரொப்பிலீன், சாதாரண அறை வெப்பத்தில் ஒரு சிசிக்கு 0.905 கிராம் இருக்கும். 230 டிகிரியில் உருகி, அழுத்தம் ஏதும் இல்லாமல் இருந்தால் அதே பொருள் ஒரு சிசிக்குச் சுமார் 0.74 கிராம்தான். ஆக, 0.74 கிராம் பிளாஸ்டிக் உருகும்போது ஒரு சிசி இடம் பிடிக்கிறது, ஆறின பிறகு 0.82 சிசிக்குள் அடங்கிவிடுகிறது. கேவிட்டியை அழுத்தமில்லாமல் உருகிய பிளாஸ்டிக்கால் நிரப்பிவிட்டு அப்படியே விட்டால், ஆறும்போது பொருள் சுருங்கி, மூடி முழுக்கக் குழி விழுந்து கிடக்கும். அதற்குத்தான் ஹோல்டிங் பிரஷர். கேவிட்டி நிரம்பிய பிறகும் கேட் உறையும் வரைக்கும் ஸ்க்ரூ தள்ளிக்கொண்டே இருக்கிறது; சுருங்குகிற இடத்துக்கெல்லாம் மேலும் பொருள் போய்ச் சேர்கிறது. வெளியே வரும் மூடியில் இருப்பது இப்படித் திணிக்கப்பட்ட மொத்தப் பொருள். அது ஆறி, வரைபடத்தில் உள்ள அளவுக்கு வந்து நிற்கிறது. அதனால் வரைபடத்துக் கன அளவை ஆறின பொருளின் அடர்த்தியால் பெருக்கினால்தான் தராசு காட்டும் எடை வரும்.

இதை ஒரு தடவை பிழையாகப் போட்டு நான் அனுபவப்பட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கொட்டேஷனுக்கு எடையை உருகிய அடர்த்தியில் போட்டுக் கொடுத்துவிட்டேன். உங்கள் மூடியை வைத்தே சொன்னால், 0.74 போட்டால் 11.25 கிராம், 0.905 போட்டால் 13.76 கிராம். ஒரு மூடிக்கு இரண்டரை கிராம் வித்தியாசம். ஒரு லட்சம் மூடிக்கு 250 கிலோ மூலப்பொருள் கணக்கில் இல்லாமல் போகும். அன்று அந்த ஆர்டர் முடியும் வரை ஒவ்வொரு மூட்டை பிரிக்கும்போதும் வயிறு கலங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

பெருக்குவதற்கு முன் இன்னொன்றைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த 15,200 கன மி.மீ. மூடியின் வரைபடத்திலிருந்து எடுத்ததா, டைக்காகச் சுருக்கம் சேர்த்த வரைபடத்திலிருந்து எடுத்ததா? டூல் ரூமில் 1.5 சதவீதம் சுருக்கம் சேர்த்திருந்தால் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் அது ஏறும். கன அளவில் கிட்டத்தட்ட 4.6 சதவீதம் கூடி, 15.2 சிசி என்பது 15.9 சிசி ஆகிவிடும். அதைப் போய் 0.905-ஆல் பெருக்கினால் 14.4 கிராம் வரும். தராசில் மூடி 13.8-தான் காட்டும், டை சரியில்லை, பிளாஸ்டிக் சரியில்லை என்று இல்லாத குறையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். சுவாரசியமான விஷயம் என்னவென்றால், 13.76 கிராமை 15.9 சிசி கேவிட்டியால் வகுத்துப் பாருங்கள், 0.865 வரும். கேட் உறைகிற நேரத்தில் கேவிட்டிக்குள் இருக்கும் பொருளின் சராசரி அடர்த்தி அதுதான். ஓரமெல்லாம் உறைந்து, நடுவில் இன்னும் உருகிய நிலையில், அழுத்தத்துக்குள் இருக்கும் பொருள் அது. அதனால்தான் 0.74-உம் இல்லாமல் 0.905-உம் இல்லாமல் இடையில் நிற்கிறது.

இனி உங்கள் டைக்கே வருவோம். 15,200 கன மி.மீ. மூடியின் வரைபடத்து அளவுதான் என்று வைத்துக்கொள்கிறேன். ஆயிரத்தால் வகுத்தால் 15.2 சிசி. நான்குக்கும் சேர்த்து 60.8 சிசி.

ரன்னருக்கு அளவு எதுவும் நீங்கள் தரவில்லை. இந்த அளவு மூடிக்கு வழக்கமாக வரும் H வடிவ ரன்னரை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் அளவுகளை அந்த இடத்தில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்ப்ரூ 60 மி.மீ. நீளம், நாசில் பக்கம் 4 மி.மீ. விட்டம், அடியில் 7 மி.மீ. நடுத்தண்டு 6 மி.மீ. விட்டத்தில் 120 மி.மீ. இரண்டு முனையிலும் 5 மி.மீ. விட்டத்தில் தலா 80 மி.மீ. குறுக்குத்தண்டு. ஸ்ப்ரூ சரிவாக இருப்பதால் சராசரி விட்டத்தை மட்டும் வைத்துப் போடாமல் இந்தச் சூத்திரத்தில் போடுவது நல்லது. எல்லா அளவையும் செ.மீ.யில் போட்டால் விடை நேராகச் சிசியில் வரும்.

```
V_sprue  = π/12 × L × (D² + D·d + d²)
         = π/12 × 6 × (0.49 + 0.28 + 0.16) = 1.46
V_main   = π/4 × 0.6² × 12 = 3.39
V_cross  = π/4 × 0.5² × 16 = 3.14
```

மொத்தம் 8.0 சிசி. கேட் மிகச் சிறியது, விட்டுவிடலாம். கோல்ட் ஸ்லக் குழி பெரிதாக வைத்திருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். ரன்னர் முழு வட்டமாக இல்லாமல் ஒரு பக்கத் தட்டில் மட்டும் வெட்டிய அரைவட்டமாகவோ, சரிவகமாகவோ இருந்தால் அந்தக் குறுக்கு வெட்டின் பரப்பைத்தான் நீளத்தால் பெருக்க வேண்டும். வட்டம் என்று நினைத்துப் போட்டுவிட்டு, டை அரைவட்டத்தில் வந்து, ரன்னர் எடை பாதியாக நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஹாட் ரன்னர் டையாக இருந்தால் இந்த 8 சிசி கணக்கிலேயே வராது. மேனிஃபோல்டுக்குள் இருப்பது ஒவ்வொரு ஷாட்டிலும் வெளியே வருவதில்லை.

ஆக, 60.8-உம் 8.0-உம் சேர்ந்து 68.8 சிசி. 0.905-ஆல் பெருக்கினால் ஷாட் வெயிட் 62.3 கிராம். இதில் ரன்னரின் பங்கு 7.2 கிராம், மொத்தத்தில் 11.6 சதவீதம். ரன்னரை அரைத்து அதே டையில் திரும்பப் போடுவதாக இருந்தால், ஓட்டம் நிலைத்த பிறகு உங்கள் கலவையில் அரவை அதே 11.6 சதவீதத்தில் நிற்கும். வாடிக்கையாளர் அரவைக்கு வரம்பு சொல்லியிருந்தால் இந்த எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும்.

எடை கிடைத்துவிட்டது. இப்போதுதான் 0.74-க்கு வேலை வருகிறது. ஸ்க்ரூவுக்கு முன்னால் உருகிச் சேரும் 62.3 கிராம் பிளாஸ்டிக்குக்கு எவ்வளவு இடம் வேண்டும்? 62.3-ஐ 0.74-ஆல் வகுத்தால் 84.2 சிசி. 40 மி.மீ. ஸ்க்ரூவின் பரப்பு 12.57 சதுர செ.மீ. 84.2-ஐ 12.57-ஆல் வகுத்தால் 6.7 செ.மீ., அதாவது ஸ்க்ரூ 67 மி.மீ. முன்னே போக வேண்டும். ஸ்க்ரூவுக்கு முன்னால் மிச்சம் நிற்க வேண்டிய குஷன் 5 மி.மீ. சேர்த்தால், ஸ்க்ரூ பின்னால் வர வேண்டிய தூரம், அதாவது டோஸ், 72 மி.மீ. இங்கே யாராவது 0.905 போட்டுக் கணக்குப் பார்த்தால் 55 மி.மீ. வரும். அதற்கு டோஸ் வைத்தால் ஸ்க்ரூ அடியில் போய் முட்டும், குஷன் பூஜ்யமாகும், ஹோல்டிங் பிரஷர் திரையில் 400 பார் காட்டினாலும் டைக்குள் தள்ள எதுவும் இருக்காது. மூடியில் குழி, எடை ஷாட்டுக்கு ஷாட் ஆட்டம். டை டிரையலில் குஷன் பூஜ்யம் காட்டினால் முதலில் இந்தக் கணக்கைத்தான் சந்தேகப்படுவேன்.

ஆனால் முதல் ஷாட்டிலேயே 72 மி.மீ. வைத்துவிடாதீர்கள். ஹோல்டிங்கை அணைத்துவிட்டு, 45 அல்லது 50 மி.மீ. டோஸில் தொடங்கி, குறையாக வரும் மூடியைப் பார்த்துப் பார்த்து 2, 3 மி.மீ. ஏற்றுங்கள். நான்கு கேவிட்டியும் 95 சதவீதத்துக்கு மேல் நிரம்பிய இடத்தில் சேஞ்ச் ஓவரை வைத்து, அப்புறம் டோஸை முழுதாக்கி ஹோல்டிங்கைக் கொடுங்கள். ஹோல்டிங் எவ்வளவு பொருளைத் திணிக்கிறது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். சுருக்கம் சேர்த்த நான்கு கேவிட்டியும் ரன்னரும் சேர்ந்து 71.6 சிசி. அழுத்தமே இல்லாமல் அது நிரம்பினால் 53 கிராம்தான் உள்ளே இருக்கும். கடைசியில் வெளியே வருவது 62 கிராம். நிரப்பும்போதே அழுத்தத்தில் பிளாஸ்டிக் கொஞ்சம் நெருக்கப்படும், 800 பாரில் பி.பி.யின் அடர்த்தி 0.80-ஐத் தொடும். ஆகவே அந்த 9 கிராமில் ஒரு பங்கு நிரப்பும்போதே போய்விடும். மீதியெல்லாம் ஹோல்டிங்கின் வேலை.

சரி, மெஷின் போதுமா? காட்டலாக்கில் இருக்கும் 183 கிராம் பாலிஸ்டைரீனுக்கு உரியது. பெரும்பாலான மெஷின் காட்டலாக்குகளில் ஷாட் வெயிட்டைப் பாலிஸ்டைரீனில்தான் சொல்வார்கள். அதை எந்தக் கெழுவால் பெருக்கிப் போட்டார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் அந்தக் கிராமை விட்டுவிட்டு, அதே பக்கத்தில் ‘இன்ஜெக்‌ஷன் வால்யூம்’ என்று சிசியில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 40 மி.மீ. ஸ்க்ரூவுக்கு அதிகபட்ச ஸ்ட்ரோக் 160 மி.மீ. என்றால் 201 சிசி. 183-ஐ 201-ஆல் வகுத்தால் 0.91 வருகிறது, உங்கள் மெஷினும் அதுவாகத்தான் இருக்க வேண்டும், ஸ்ட்ரோக்கை ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்த 201 சிசியை 0.74-ஆல் பெருக்கினால் பி.பி.க்கு 149 கிராம். பலர் இந்த இடத்தில் ஆறின அடர்த்திகளின் விகிதத்தை எடுப்பார்கள், 0.905-ஐ 1.05-ஆல் வகுத்து, 183-லிருந்து 158 கிராம் என்பார்கள். அது தப்பு. பாலிஸ்டைரீன் உருகும்போது சுமார் 0.95-க்குத்தான் இறங்குகிறது, பி.பி. 0.74-க்கு இறங்குகிறது. பி.பி. ஆறும்போது படிகமாக உறைகிற பொருள். அதனால் உருகிய நிலைக்கும் ஆறின நிலைக்கும் உள்ள இடைவெளி அதில் பெரிது. எச்.டி.பி.இ., நைலான், அசிட்டால் எல்லாம் அதே சாதி. ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட் போன்றவற்றில் இந்த இடைவெளி சிறிது; அங்கே இந்தப் பிழை நடந்தாலும் அவ்வளவாக வெளியே தெரியாது.

149-லும் கொஞ்சம் கழிக்க வேண்டும். ஸ்க்ரூ முன்னே போகத் தொடங்கும்போது செக் ரிங் பின்னால் நகர்ந்து உட்காரும் வரை கொஞ்சம் பொருள் பின்னால் நழுவும். அதற்குப் புத்தகத்தில் எண் தேடுவதைவிட உங்கள் மெஷினிலேயே ஏர் ஷாட் அடித்துப் பாருங்கள். டையிலிருந்து நாசிலைப் பின்னால் இழுத்து, பர்ஜ் கார்டை மூடி, ஓடும் வெப்பத்திலேயே 80 மி.மீ. டோஸ் வைத்து, ஸ்க்ரூ 10 மி.மீ.க்கு வரும்வரை வெளியே தள்ளுங்கள். 70 மி.மீ.க்கு 88 சிசி. அந்தக் கட்டியை ஆறவிட்டு நிறுங்கள். ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். 63.5 கிராம் வந்தால் அடர்த்தி 0.722. புத்தகத்து 0.74-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தில் நழுவலும் அடங்கியிருக்கிறது, உங்கள் பேரலின் உண்மை வெப்பமும் அடங்கியிருக்கிறது. டைக்குள் அடிக்கும்போது எதிர்ப்பு அதிகம் என்பதால் நழுவல் இன்னும் கொஞ்சம் கூடலாம். கையுறை, முகக் கவசம் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். கட்டி வெளியே ஆறின மாதிரி தெரிந்தாலும் உள்ளே நெடுநேரம் உருகித்தான் இருக்கும்.

0.722 வைத்துப் பார்த்தால் உங்கள் மெஷினுக்குப் பி.பி.யில் 145 கிராம் கொள்ளளவு. உங்கள் ஷாட் 62.3 கிராம், 43 சதவீதம். நல்ல இடத்தில் இருக்கிறீர்கள். ஸ்க்ரூ நகரும் 69 மி.மீ.யும் குஷன் 5 மி.மீ.யுமாக டோஸ் 74 மி.மீ.

8 கேவிட்டிக்கு என் பதில் அவ்வளவு உற்சாகமாக இருக்காது. எட்டு மூடிக்கு 110 கிராம். ரன்னர் இரட்டிப்பாகும் என்று வைத்தால் 14.5 கிராம். மொத்தம் 124.5. காட்டலாக்கு 183-ஐ வைத்துப் பார்த்தால் 68 சதவீதம், தாராளம் என்று தோன்றும். உண்மையான 145-ஐ வைத்தால் 86 சதவீதம். ஸ்க்ரூ 137 மி.மீ. போக வேண்டும், குஷன் 5, சக் பேக் 4 சேர்ந்து 160-ல் 146 மி.மீ. போய்விடும். ஓடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஸ்க்ரூ இவ்வளவு தூரம் பின்னால் வரும்போது, கடைசியில் வரும் குருணைக்குப் பேரலில் உருகக் கிடைக்கும் நீளம் குறைந்துவிடுகிறது. டோஸ் நேரம் கூலிங் நேரத்தைத் தாண்டும். மாஸ்டர்பேட்ச் போட்டால் மூடியில் கோடு கோடாக நிறம் பிரியும். சில மூடியில் உருகாத குருணை புள்ளியாக நிற்கும். பேக் பிரஷரை ஏற்றினால் கலவை சரியாகும், டோஸ் நேரம் இன்னும் கூடும். இந்த மாதிரி வேலைக்கு 80 சதவீதத்தைத் தாண்டுவதில்லை என்று நான் ஒரு கோடு வைத்திருக்கிறேன். 8 கேவிட்டி நிச்சயம் என்றால் 45 மி.மீ. ஸ்க்ரூ உள்ள மெஷினுக்கு டையைத் திட்டமிடுங்கள், இல்லையென்றால் ஹாட் ரன்னர் போட்டு அந்த 14.5 கிராமை மிச்சம் பிடியுங்கள். அப்போது 76 சதவீதத்துக்கு இறங்கிவிடும்.

ஒருவேளை பி.பி.யில் டால்க் கலந்த கிரேடு கேட்டால் இரண்டு அடர்த்தியும் மாறும். 20 சதவீத டால்க் என்றால் ஆறின அடர்த்தி 1.045 பக்கம் வரும். உருகியதும் 0.74-இல் நிற்காது, 0.87 பக்கம் இருக்கும், ஏனென்றால் டால்க் உருகுவதும் இல்லை, விரிவதும் இல்லை. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

டிரையலில் நான்கு மூடியையும் தனித்தனியாக, 0.01 கிராம் காட்டும் தராசில் நிறுங்கள். கணக்கு 13.76. மெல்லிய மூடி சீக்கிரம் ஆறுவதால் படிகம் கொஞ்சம் குறைந்து 13.65 வந்தாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. நான்கும் ஒரே மாதிரி 13.1 என்று வந்தால் ஹோல்டிங் நேரத்தை ஒவ்வொரு நொடியாக ஏற்றி நிறுத்துப் பாருங்கள். எடை ஏறிக்கொண்டே போய் ஒரு இடத்தில் நின்றுவிடும். அங்கேதான் கேட் உறைகிறது. அங்கே நின்ற எடையும் 13.1 என்றால் ஹோல்டிங் பிரஷரையும் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். குழியே இல்லாத நல்ல மூடி அப்போதும் 13.1-லேயே நின்றால் டையில் சுவர் கனம் குறைவாக வெட்டியிருக்கிறார்கள், மைக்ரோமீட்டர் எடுங்கள். மூன்று மூடி சரியாக இருந்து ஒன்று மட்டும் குறைந்தால் அந்தக் கேட்டையோ அந்தப் பக்கத்து ரன்னரையோ பாருங்கள்.

எல்லாம் நிலைத்த பிறகு இன்னொரு கணக்கு போட்டு டையின் அட்டையில் எழுதி வையுங்கள். ரன்னரோடு ஷாட்டை நிறுத்து, ஸ்க்ரூ உண்மையில் நகர்ந்த தூரத்தின் கன அளவால் வகுக்க வேண்டும். டோஸ் 74, குஷன் 5, நகர்ந்தது 69 மி.மீ., அதாவது 86.7 சிசி. ஷாட் 62.0 கிராம். 0.715 வரும். இனி அந்த மெஷினில் எந்தப் பி.பி. டைக்கும் இந்த எண்ணை வைத்தே டோஸைக் கணக்கிடலாம். ஆறு மாதம் கழித்து அதே வெப்பம், அதே பேக் பிரஷரில் அது 0.69-க்கு இறங்கியிருந்தால் செக் ரிங்கைக் கழற்றிப் பாருங்கள். குஷன் ஆடத் தொடங்குவதற்கு முன்பே அது தேய்ந்திருப்பதை இந்த எண் காட்டிக் கொடுத்துவிடும்.